வாய் கட்டிய ஆறெழுத்து

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. என் மனிசன் வெள்ளி தவறாமல் மண்டூர் முருகனிடம் ஓடுவார். நான் வீட்டில் இருந்து கிண்டல் பண்ணுவேன்.

போன வருசம் தலையிடியோடு இடக் கண் மங்கத் தொடங்கியது. மூளையில் கட்டியோ என்று எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். "சரவணபவ எண்ட ஆறெழுத்தை நூற்றெட்டுத் தரம் சொல்லு, பயம் போயிரும்," என்றார் மனிசன். குழாய்க்குள் தலையை விட்டதும் பயத்தில் ஆறெழுத்தைத் தொடங்கினேன். எண்ணிக்கையை முடித்தால் வெளியே வரலாம் என்பதுபோல் மடமடவென்று முணுமுணுத்தேன். முப்பதைத் தாண்டவில்லை, மூச்சு முட்டி விரலெல்லாம் மரத்தது. ஏலாவிட்டால் அமுக்கச் சொல்லிக் கையில் தந்த ரப்பர் பந்தை அமுக்கிவிட்டேன்.

"வாய் அசைஞ்சு படமெல்லாம் கலங்கிப்போச்சு அன்ரி," என்றாள் படம் எடுக்கிற பிள்ளை. "அவ்வளவு வேகமா மூச்சு விட்டா தலை சுத்தும்தானே." மறுபடி பத்து நாளில் வரச் சொன்னார்கள். அதையும் தவறவிட்டால் கட்டியா இல்லையா என்று தெரியாமலே கண் போய்விடும் என்று நடுங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் மனிசனைக் கிழித்தேன். "உங்கட முருகன்தான் என்ர படத்தைக் குழப்பினது."

அவர் கோபிக்கவில்லை. "மண்டூரில ஐயா வாயைத் துணியால கட்டித்தானே பூசை செய்யிறார். மந்திரம் ஒருத்தருக்கும் கேக்காது. நான்தான் உனக்குப் பிழையாச் சொல்லித்தந்திட்டன்."

அடுத்த நாளிலிருந்து தினமும் காலையில் குழாய்க்குள் கிடப்பதுபோல் சாப்பாட்டு மேசைக்குக் கீழே தலையை விட்டுப் படுத்தேன். அவர் தன் சால்வையை என் வாயில் மெல்லக் கட்டினார். மூக்கால் மூச்சை இழுக்கும்போது மனதுக்குள் 'சர'. விடும்போது 'வணபவ', இருமடங்கு நீளமாக, ஆறுதலாக. நினைவு கட்டிக்கு ஓடினால் அதோடு சண்டை பிடிக்காமல் மறுகா முதலிலிருந்து 'சர'. எண்ணிக்கை வேண்டாம், நம்பவும் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். பயம் போகவில்லை. நாலைந்து நாளில் தோள்மூட்டு மட்டும் தானாகத் தளர்ந்தது.

மறுபடி படம் எடுக்கிற அன்றைக்குத் தாலியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே தள்ளுமுன்பே கண்ணை மூடிக்கொண்டேன். தகரத்தில் சுத்தியலால் அடிப்பதுபோல் மெசின் அடித்தது. நல்லாப் பயந்தேன். இரண்டு தரம் விரல் பந்தை இறுக்கப் பார்த்தது. சர. வணபவ. மூச்சு நீளும்வரை விரலைப் பொறுக்கச் சொன்னேன்.

"படம் நல்லா வந்திருக்கு அன்ரி."

வெளியே வந்தேன். மனிசன் வாங்கில் உட்கார்ந்து, சேட்டெல்லாம் வேர்வையில் நனைந்து, தாலியைப் பொத்திப் பிடித்தபடி மூச்சிளைத்துக்கொண்டிருந்தார்.

"உள்ள முருகன் வந்தாரா?"

"ஒருத்தரும் வரல்ல. மூச்சுதான் வந்து போச்சு."

"எனக்கு அதுகூட வரல்லயே," என்று சொல்லி அழுதார். "ஆறெழுத்தும் மறந்துபோச்சு."

றிப்போட் தர இன்னும் இரண்டு மணித்தியாலம் ஆகும் என்றார்கள். நான் பக்கத்தில் இருந்து அவர் முதுகில் கையை வைத்தேன்.

"வாயை மூடுங்க," என்றேன். "சர."