ரப்பர் பூட்ஸுக்குள் ஒரு மஞ்சள் நகம்

வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் தேயிலைக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தேன். கால் பெருவிரல் நகம் தடித்து, மஞ்சளாகி, பொடிப்பொடியாய் உதிர்ந்தது. செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி விழுந்த பழைய அடிதான் என்று வருசக்கணக்கில் நொண்டினேன்.

எஸ்டேட் டாக்டர் நகத்தைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். "அடிபட்டது நிஜந்தான். ஆனா இது பூஞ்சை." தினமும் போட மாத்திரை தந்தார்.

மூன்று மாதம் விழுங்கியும் மஞ்சள் போகவில்லை. "மருந்து கேக்கவே இல்லையேய்யா!" என்று எரிந்து விழுந்தேன்.

நகம் முளைக்கும் அடிப்பக்கத்தில் புதிதாய் வந்திருந்த சுத்தமான கீற்றைக் காட்டினார். "கெட்ட நகம் தெளியாது. புதுசுல பூஞ்சை ஏறாம மாத்திரை பாத்துக்கும். அது வளர்ந்து பழசைத் தள்ள ஒரு வருசத்துக்கு மேல ஆகும். ஈரம் படாம வச்சுக்க."

எஸ்டேட்டில் ஒரு ஜோடி பூட்ஸ்தான் தருவார்கள். மறுநாள் காலையிலும் முந்தின நாள் ஈரம் காயாத அதையே மாட்டினேன். எனக்கு இல்லாவிட்டாலும், அந்தக் கெட்ட நகத்துக்காவது இந்த பூட்ஸை விட்டு வெளியே போக வழி இருந்தது.