விலக்கில்லாத பாடம்

கொக்குவிலில் ஏ.எல். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பதினைந்து வருடமாகக் கணக்கியல் ரியூசன் கொடுப்பவள் சுபாஜினி. பட்டமில்லை என்ற குறை தீர, நகரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் பட்டப்படிப்புக்குப் பதிந்தாள். ஆங்கிலத்துக்கும் கணக்கியலுக்கும் தகுதிகாண் சோதனை எழுதினாள். இரண்டிலும் நல்ல புள்ளிகள். இனி ஆரம்பப் பாடங்களில் குந்தியிருக்கத் தேவையில்லை என்று நிம்மதியாக இருந்தவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

"ஆங்கிலத்துக்கு விலக்குத் தந்தாச்சு மிஸ். கணக்கியல் உங்கடை முதன்மைப் பாடம். அதுக்கு விலக்கில்லை."

"அப்ப என்ன கோதாரிக்குச் சோதனை வைச்சனியள்?"

"உங்களை எந்தக் குழுவிலை விடுறதெண்டு பாக்க."

அவளுக்குப் பத்திக்கொண்டு வந்தது. போன வருடம் வரை தன்னிடம் படித்த பிள்ளைகள்தான் அந்த வகுப்பு நிறைய. விட்டுவிடுவோமா என்று யோசித்தாள். கட்டிய காசும் வீம்பும் விடவில்லை.

முதல் நாள் வகுப்பு வாசலில் கால் வைத்தாள். பலகையடியில் நின்ற விரிவுரையாளர் மயூரதன். அவனும் அவளிடம் படித்தவன்தான். பிள்ளைகள் பழக்கதோசத்தில் எழும்பி, "குட் மோர்னிங் மிஸ்!" என்றார்கள்.

"இருங்கோ," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். மயூரதனும் உட்கார்ந்துவிட்டான்.