பதினாறு சாரும் முப்பத்தேழு மார்க்கும்

கல்லூரியில் அவருக்குப் பதினாறு சார் என்று பெயர். ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடத்தைத் தொடங்கும்போது, "மூடின பெட்டிக்குள்ள ஒளி இருக்கு. பெட்டியோட சூடு ரெண்டு மடங்கானா, உள்ள இருக்கற ஒளியோட சக்தி எத்தனை மடங்கு?" என்று கேட்பார். பசங்க கோரஸாக "பதினாறு சார்!" என்பார்கள். சூடு என்று அவர் சொல்வது சுழியிலிருந்து எண்ணும் கெல்வின் கணக்கு. ஒளியின் சக்தி சூட்டின் நாலாம் படியில் ஏறுகிறது; இரண்டை நாலு தடவை போட்டுப் பெருக்கினால் பதினாறு. இருபத்தாறு வருடம் இதையே சொல்லி, பெயரும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

மனைவி இறந்து பதினாலு மாதமாகிறது. மனுஷன் அழவில்லை, உடைந்துபோகவும் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிட்டார், வகுப்புக்குப் போனார். மகள் போனில் "எப்படிப்பா இருக்கே?" என்று கேட்டால், "இருக்கேன்மா" என்பார். உண்மையும் அவ்வளவுதான். உள்ளே எதுவும் இல்லை, மரத்துப்போன கால் மாதிரி.

விடைத்தாள் திருத்தும் முகாமில் இந்த மரத்த மனம் ரொம்ப சௌகரியமாக இருந்தது. நீளமான கூடம், மேஜைக்கு நாலு பேர், ஆளுக்கொரு கட்டு. தலைமைத் தேர்வாளரான சீஃப் மேடம் கொடுத்த விடைக்குறிப்பில், ஒளியின் சக்தி பற்றிய ஏழாம் கேள்விக்கு 'நாலாம் படி, பத்து மார்க்' என்று இருந்தது. அனுபவஸ்தர்கள் கடைசி வரியைத்தான் முதலில் பார்ப்பார்கள். நாலு இருந்தால் டிக், மேலே ஒரு பார்வை, பத்து. கேள்வித்தாளை யார் எடுத்துப் படிக்கிறார்கள்? இவரும் படிக்கவில்லை.

ஒரு தாளில் கடைசி வரி 'இரண்டாம் படி' என்று முடிந்திருந்தது. ஒரு மார்க் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்.

மாலை கூட்டிப் பார்த்தபோது அந்தத் தாள் முப்பத்தேழில் நின்றது. தேற நாற்பது வேண்டும். முப்பத்தைந்துக்கு மேல் போய் விளிம்பில் நிற்கும் தாளை வரி விடாமல் மறுபடி படித்தாக வேண்டும் என்பது முகாமின் விதி. தலையெழுத்தே என்று எடுத்தார். நாலு வருடம் முந்தைய பதிவெண். இந்தப் பிள்ளைக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. போனால் பட்டமே போச்சு.

வழக்கமான கணக்கு இவருக்குத் தூக்கத்திலும் வரும். பெட்டிக்குள் ஒளி எல்லாத் திசையிலும் ஓடுவதால் சுவரை அழுத்துவது சக்தி அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்கு. வெப்ப இயக்கவியல் சொல்வது: அழுத்தம் வெப்பநிலையோடு மாறும் வீதத்தை வெப்பநிலையால் பெருக்கி, அழுத்தத்தைக் கழித்தால் அடர்த்தி வரும். மூன்றில் ஒரு பங்கைப் போட்டால் நாலாம் படி வந்து விழும்.

இந்தப் பிள்ளை மூன்றில் ஒரு பங்கைப் போடவில்லை. 'கேள்வியில் ஒளி ஒரே கோட்டில் மட்டும் முன்னும் பின்னும் ஓடுவதால், அழுத்தம் அடர்த்திக்குச் சமம்' என்று எழுதி, அதே விதியில் வைத்து, அழகாக இரண்டாம் படிக்கு வந்திருந்தது. ஓர் அடி சறுக்கவில்லை.

அவர் கேள்வித்தாளைத் தேடி எடுத்தார். 'ஒளி ஒரே கோட்டில் மட்டும் ஓடக்கூடிய குழாய்' என்றுதான் இருந்தது. அந்த வாக்கியத்தை அவருக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் கேள்வி வங்கிக்கு அவரே எழுதிக் கொடுத்தது.

எழுந்து சீஃப் மேடத்திடம் போனார்.

"மேடம், ஏழாவதுக்கு நாலு தப்பு. ரெண்டுதான் சரி."

மேடம் படித்துப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயையோ சார், குறிப்பு எழுதினது நான்தான். கேள்விய முழுசாப் படிக்கவே இல்ல. பழக்கதோஷம். முந்நூறு பேர் நாலுன்னு எழுதிருக்காங்களே!"

"அவங்களுக்கு என்ன பண்றதுன்னு போர்டு முடிவு பண்ணட்டும். இந்தப் பிள்ளைக்குப் பத்து போடணும்."

"போடுங்க, நான் கையெழுத்துப் போடறேன். ஆமா, எந்த வம்புக்காரன் சார் இப்படி ஒரு கேள்விய எடுத்தது?"

"நான்தான் மேடம்."

இடத்துக்கு வந்து ஒன்றை அடித்துப் பத்து என்று எழுதினார். மொத்தம் நாற்பத்தாறு. அப்போதுதான் ஞாபகம் வந்தது. இந்தக் கேள்வியை எழுதிவிட்டுக் குதூகலத்தோடு மனைவியிடம் படித்துக் காட்டியிருந்தார். துணி மடித்துக்கொண்டிருந்தவள், "பாவங்க, எல்லாரும் பழக்கத்துல நாலுன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க" என்றாள். "கேள்விய ஒழுங்காப் படிக்கற ஒருத்தர் வராமலா போயிடுவாங்க? அவங்களுக்காகத்தான்" என்று இவர் சிரித்தார்.

அந்த ஒருவர் வந்திருந்தார். அவருக்கு ஒரு மார்க் போட்டது இந்தக் கை.

வெட்கமாக இருந்தது. முகமெல்லாம் சுட்டது. பக்கத்து மேஜைக்காரர், "என்ன சார், கண்ணு கலங்கியிருக்கு?" என்றார். பதினாறு சார் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, "என் வீட்டுக்காரி போயிட்டா சார்" என்றார், அன்று காலையில்தான் நடந்தது போல.