பதிமூன்றாவது பெட்டி

மட்டாஞ்சேரியில் அந்தக் கேசட் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் ரீசார்ஜ் கடை இருக்கிறது. விபின் அந்தப் பக்கம் ஆட்டோ ஓட்டிப் போகும்போதெல்லாம் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பான். பின்னால் இருக்கும் சவாரி “எந்தா சேட்டா?” என்று கேட்டால், “ஒண்ணுமில்ல” என்பான். ஒன்றுமில்லையாம்! அவன் வாலிபம் மொத்தமும் அந்தப் பத்தடிக் கடைக்குள்தானே கிடந்தது.

விபினின் அம்மா சரோஜம்மா நகரசபைத் துப்புரவுக்காரி. தாத்தா காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து வந்து கொச்சியில் ஊன்றிவிட்ட குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் மலையாளம். விபினுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. தமிழையும் மலையாள எழுத்தில்தான் எழுதுவான். அடுத்த வீட்டு ஷாஜிக்கும் அதே கதைதான். ஷாஜியின் அம்மா மாயம்மாளும் சரோஜம்மாவும் ஒரே தெருவில் ஒரே குப்பைவண்டியைத் தள்ளியவர்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் யாரோ, தமிழர்களை இளக்காரமாகச் சொல்லும் “பாண்டி” என்ற சொல்லால் கூப்பிட்ட நாளிலிருந்து ஷாஜி வெளியில் தமிழ் பேசுவதையே விட்டுவிட்டான். ரோட்டில் அம்மா கூப்பிட்டால்கூட மலையாளத்தில்தான் பதில் வரும். மாயம்மாள் அதை யாரிடமும் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை, மனசுக்குள் வைத்துக்கொண்டாள்.

2004இல் ஓணத்துக்கு கிளப் மேடையில் ராப் பாட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் பித்துப் பிடித்தது. கேசட் கடையில் விபினோடு வேலை பார்த்த, கொச்சியிலேயே தேவரா பகுதிப் பெண் மஞ்சுஷா கீபோர்டில் தாளம் போட்டுக் கொடுத்தாள். பாட்டு ஷாஜியின் மலையாளம். நடுவில் எட்டுத் தாளச் சுற்று மட்டும் விபின் கேட்டுக்கொண்டான், தமிழில் பாட.

“தமிழா? கூவிக் கேலி பண்ணுவாங்கடா,” என்றான் ஷாஜி. வீட்டுக்குள் என்பதால் தமிழிலேயே சொன்னான். “செரி, ஒத்திகையில பாடு. தாளத்துல நின்னா உனக்கு. நிக்கலைன்னா அந்த எட்டும் மலையாளம்தான்.”

விபின் வீட்டு டேப் ரிக்கார்டரில் தாளத்தைப் போட்டுப் போட்டுப் பழகினான். அம்மா பேசுவது போல எழுதியிருந்தான்:

விடியும் முன்னே வண்டி தள்ளி வீதியில் வந்தேன்
குப்பை முழுதும் கூட்டி அள்ளிக் கூடையில் தந்தேன்

ஒத்திகையன்று மஞ்சுஷா கீபோர்டைத் தட்டினாள். விபின் ஆரம்பித்தான். மூன்றாம் வரியில் மூச்சு வாங்கியது, நாலாம் வரியில் தாளம் முன்னால் ஓட, இவன் பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி பின்னால் ஓடினான். தாளத்தின் ‘டக்’கில் விழ வேண்டிய ‘ந்தேன்’ அடுத்த சுற்றின் ‘டம்’மில் போய் விழுந்தது. கிளப் பையன்கள் சிரித்தார்கள்.

“கண்டோ? தமிழ் தாளத்துல இருக்காது,” என்று மலையாளத்தில் சொன்னான் ஷாஜி. அந்தச் சொல்தான் விபினுக்குச் சுருக்கென்று தைத்தது. பாடத் தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்பான். ஒரு வாரம் தவணை கேட்டான். ஷாஜி முகத்தைத் தூக்கிக்கொண்டு சம்மதித்தான்.

மறுநாள் மத்தியானம் கடையில் ஆளில்லை. மஞ்சுஷா வெறும் கேசட் பெட்டிகளைப் பதினாறு எடுத்துக் கல்லாமேசையில் வரிசையாகப் படுக்க வைத்தாள்.

“இது ஒரு சுற்று. நாலு அடி, அடிக்கு நாலு பெட்டி. ஒண்ணும் ஒன்பதும் டம். அஞ்சும் பதிமூணும் டக்.” அந்த இரண்டு டக் பெட்டிகளையும் மட்டும் நிமிர்த்தி நிற்க வைத்தாள். “இனி உன் வரியைச் சொல்லு, அசை அசையா.”

விபின் ஒவ்வோர் அசைக்கும் ஒரு புளியங்கொட்டை வைத்தான். வி, டி, யும், முன், னே... பதினாலு பெட்டி நிறைந்தது. ‘வந்’ சரியாகப் பதிமூன்றில் நின்றது. அடுத்த வரியிலும் பதினாலு, ‘தந்’ பதிமூன்றில்.

“சரியாத்தானே இருக்கு!”

“கணக்கு சரி. மூச்சு எங்க எடுப்பே? ரெண்டே பெட்டிதான் காலி. அதும் போக, எல்லா வரியும் டம்முல கிளம்பி, அதே டக்குல, அதே ‘ந்தேன்’ல முடியுது. ரெண்டாவது வரியிலயே ஆளுக்கு அடுத்தது தெரிஞ்சு போகும். அப்புறம் யாரு கேப்பா?” கொஞ்சம் யோசித்து, “வீட்டுல எப்படிடா மூச்சு பத்துச்சு?” என்றாள்.

விபின் ஓடிப் போய் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். கீபோர்டையும் அதையும் சேர்த்து ஓட விட்டால், ஐயோ, டேப்பில் தாளம் தவழ்ந்து வந்தது! அந்த வேகத்துக்கு மூச்சு பத்தாமல் என்ன? உள்ளே மோட்டார் பெல்ட் தளர்ந்து தொளதொளத்துப் போயிருந்தது. கேசட் கடையில் வேலை பார்க்கிறவன் வீட்டு டேப் இது. இவன் ஊர் டேப்புக்கெல்லாம் பெல்ட் மாற்றினவன்! மஞ்சுஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்நேரம் சரோஜம்மா வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுச் சாயா கேட்க வந்தாள். வண்டியை ஓர் உதை உதைத்தாள். “சனியன். ஒரு சக்கரம் நொண்டி. இழுத்தா சண்டி, தள்ளினா முண்டி நிக்குது.”

விபின் மஞ்சுஷாவைப் பார்த்தான். அவள் புளியங்கொட்டைகளை ஒரே வாரில் வாரித் துடைத்துவிட்டாள்.

இந்த முறை முதல் இரண்டு பெட்டியைக் காலியாக விட்டார்கள். டம் தனியாக அடிக்கட்டும், அதற்குப் பிறகு வாய் திறக்கலாம். மூன்றில் ‘அம்’, நாலில் ‘மா’, அஞ்சில் டக்கோடு ‘வண்’, ஆறில் ‘டி’. முன்பு வரிக் கடைசியில் மட்டும் கிடந்த எதுகை இப்போது வரி நடுவிலேயே டக்கில் விழுந்தது. பிறகு ‘ஒரு சக்கரம்’ ஓடி வந்து பதினொன்றில் முடிய, ‘நொண்’ பதிமூன்றுக்கு வர வேண்டும்.

“வேண்டாம், பன்னிரண்டுல வை,” என்றான் விபின். அவனே சொன்னான். “டக்குக்கு முன்னாலயே விழட்டும். விழுந்து இழுக்கட்டும்.”

சொல்லிப் பார்த்தார்கள். காது பதிமூன்றை எதிர்பார்த்து நிற்க, சொல் ஒரு பெட்டி முன்னால் காலை வைத்து, டக்கின் மேல் இழுபட்டு, ‘டி’ பதினாலில் இறங்கியது. வண்டி நிஜமாகவே நொண்டியது. அடுத்த வரியில் ‘சண்டி’ டக்கில், ‘முண்டி’ மறுபடி டக்குக்கு முன்னால். ‘நிக்கும்’ மட்டும் கோட்டைத் தாண்டி அடுத்த சுற்றுக்குள் போய் நின்றது. மூச்சுக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது. விபினுக்குக் கண் கலங்கியது. மஞ்சுஷா பார்க்காத மாதிரி சாயா குடித்தாள்.

வாரக் கடைசியில் ஷாஜி கேட்டான். தாளத்தில் நின்றது, மறுக்க வழியில்லை. “பாடிக்கோ. ஆனா நான் கூடச் சொல்ல மாட்டேன்,” என்றான் மலையாளத்தில். ராப்பில் ஒருவன் பாடும்போது மற்றவன் எதுகைச் சொல்லை மட்டும் சேர்ந்து சொல்லி அழுத்தம் கொடுப்பது வழக்கம். அதைத்தான் மறுத்தான். மேடையில் தமிழ் அவன் வாயில் வராதாம்.

ஓணத்தன்று கூட்டம் நெரிந்தது. கூட்டத்துக்குப் பின்னால், வேலை உடுப்போடு, சரோஜம்மாவும் மாயம்மாளும் நின்றார்கள். விபினின் முறை வந்தது. டம் தனியாக அடித்தது.

அம்மா வண்டி, ஒரு சக்கரம் நொண்டி
இழுத்தா சண்டி, தள்ளினா முண்டி
நிக்கும்...

யாரோ “பாண்டியே!” என்று கூவினார்கள். ஷாஜியின் முகம் கறுத்தது. விபின் கூவின பக்கம் திரும்பிப் பார்க்க, முதல் வரியே திரும்ப வரும் மூன்றாம் வரியில் சொல் டக்குக்கு வராமல் நின்றது. அந்தக் காலி டக்கில் ஒரு குரல் மைக்கில் வந்து விழுந்தது: “வண்டி!”

ஷாஜி. அடுத்ததையும் சொன்னான், ஒரு பெட்டி முன்னால், பிசகாமல்: “நொண்டி!” ஒத்திகையில் வாயை மூடிக்கொண்டே மொத்தத்தையும் மனப்பாடம் பண்ணியிருக்கிறான், களவாணி! அதற்குப் பிறகு எட்டுச் சுற்றும் இரண்டு பேர் வாயில்தான் ஓடியது. கூட்டம் டக்குக்கு டக் கை தட்டியது.

ஷாஜி பிறகு துபாய் போனான். மஞ்சுஷா விபினைக் கட்டிக்கொண்டு, அந்தத் தொளதொள பெல்ட்டைச் சொல்லி இன்றைக்கும் அவனைக் கேலி செய்கிறாள். யார் கை தட்டினார்கள், யார் கூவினார்கள் என்பதெல்லாம் விபினுக்கு மறந்துவிட்டது. மேடையை விட்டு இறங்கியபோது மாயம்மாள் சரோஜம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது மட்டும் மறக்கவில்லை.

“கேட்டியாடீ? எம்மவன் வெளியில தமிழ் பேசிட்டான்.”