தலைக்கட்டு வரி

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எம். புதுப்பட்டிப் பக்கம் வெறும் கரிசலில் பட்டாசு கம்பெனி போட்டேன். பிறகு அச்சாபீஸ். அதற்கும் பிறகு, முள் மண்டிக் கிடந்த எங்கள் குலசாமி கோயிலுக்குச் சுற்றுச்சுவர். ஒருத்தரும் கைகொடுக்கவில்லை.

அந்த வருஷச் சிவராத்திரிப் பூசைக்கு, சித்தப்பா பெரியப்பா மக்களுக்கெல்லாம் என் மகளை மெயில் அடிக்கச் சொன்னேன். குடும்பத்துக்கு இவ்வளவென்று போடுகிற தலைக்கட்டு வரி எல்லாருக்கும் சமம். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அன்னதானத்தையும் ஏற்கட்டும். உள்ளூர்க்காரர்கள் வேலையைப் பார்ப்போம்.

பதில் வரவில்லை. லோடு ஏற்றுகிற இடத்தில்கூட எனக்கு நிலைகொள்ளவில்லை. "வந்துச்சா, வந்துச்சா" என்று மகளைப் பிடுங்கி எடுத்தேன்.

கடைசியில் அமெரிக்காவிலிருந்து சித்தப்பா மகன் போன் செய்தான். "எதுக்குண்ணே வரி? மொத்தச் செலவும் என்னுது. நீங்க சும்மா வந்து சாமி கும்பிடுங்க."

எனக்குத் திக்கென்றது. எங்கள் கோயிலில் வரி கொடுத்த தலைக்கட்டைத்தான் பூசாரி பேர் சொல்லிக் கூப்பிட்டு விபூதி கொடுப்பார். மற்றவர்கள் விருந்தாளிகள்.

"ஏலே, சுவரு கட்டுனவன் விருந்தாளியா? சோறு அம்புட்டும் நீயே போடு. வரி மட்டும் என்னுதும் உண்டு. பூசாரி என் பேரை முதல்ல கூப்பிடணும், சுவரு நான் கட்டுனதுன்னும் சேத்துச் சொல்லணும்."