அக்டோபர் முதல் ஏப்ரல் வரை

தெருவில் அவளை எல்லோரும் ஆதாரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது, அது வங்கிப் புத்தகத்தோடு சரி. பதினோரு வருடம் ஒரு சரிபார்ப்பு நிறுவனத்தில் உட்கார்ந்து, வேலைக்கு விண்ணப்பித்தவர்களின் பழைய கம்பெனிகளுக்குப் போன் போட்டு, "இவர் உங்களிடம் எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தத் தேதியில் போனார், என்ன பதவி?" என்று கேட்டு டிக் அடித்தவள். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. பால்காரர் இரண்டு நாள் வராமல் போனால்கூட எந்த இரண்டு நாள் என்று தேதி கேட்பாள், அதற்கு ஆதாரமும் கேட்பாள்.

எட்டு வருடத்துக்கு முன்னால் மார்பில் கட்டி வந்து, அறுத்து, மருந்து ஏற்றி, பிழைத்து எழுந்தாள். அதன் பிறகு கொஞ்ச நாள்தான் அந்த வேலையில் இருந்தாள். இப்போது ஜெராக்ஸ் கடையை ஒட்டிய ஒரு அறையில், இன்டர்வியூவுக்குப் போகிறவர்களின் புரொஃபைலைப் பார்த்துக் கொடுக்கிறாள். அழகாக எழுதிக் கொடுப்பவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. இவள் செய்வது வேறு. ஒவ்வொரு வரிக்கும் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, "இதைக் கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்பாள். பதில் வராத வரி நீக்கப்படும். வந்தவர்கள் பாதிப் பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போவார்கள், வேலை கிடைத்ததும் திரும்பி வந்து சிரிப்பார்கள்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் அவள் எதிரே உட்கார்ந்திருந்தது அக்கா புருஷன். பக்கத்தில் அக்காவும் இருந்தாள், மடியில் ஒரு ரெக்சின் பையோடு. அத்தானுக்கு நாற்பத்தொன்பது வயது. பாட்டில் நிரப்பும் ஆலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை. ஆலையை மூடி ஐந்து மாதமாகிறது. நாற்பது இடத்தில் விண்ணப்பம் போட்டு, ஒரே ஒரு மருந்துக் கம்பெனி கூப்பிட்டிருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு இன்டர்வியூ. இதுவும் கைநழுவினால் மகளின் கடைசி வருடப் படிப்பு அந்தரத்தில் நிற்கும். அது மூவருக்கும் தெரியும்.

"பராமரிப்பு மேலாளர்" என்ற வரியில் முதல் கோடு விழுந்தது.

"அத்தான், இந்தப் பதவி எந்தக் கடிதத்துல இருக்கு?"

"மேனேஜர் போனப்புறம் ரெண்டு வருஷம் நான்தானேம்மா பார்த்தேன்."

"நீங்க பார்த்தீங்க, சரி. காகிதம் என்ன சொல்லுது?"

"முதுநிலை டெக்னீஷியன்."

"அப்ப அதுதான் பதவி. அவங்க போன் போட்டா எச்.ஆர். ரெக்கார்டுல இருக்கிறதைத்தான் படிப்பாங்க. அதுக்குக் கீழ, 'இரண்டு ஆண்டு மேலாளர் பொறுப்பையும் கவனித்தேன்'னு போடுங்க. ஷிப்ட் அட்டவணையில உங்க கையெழுத்து இருக்குல்ல? அதோட ஒரு நகல் வெச்சுக்கோங்க."

அத்தான் முகம் சுருங்கியது. அடுத்த வரிக்குப் போனதும் விரிந்தது. 'இயந்திர நிறுத்தம் 40% குறைந்தது' என்று எழுதியிருந்தார். இந்த மாதிரி சதவீதங்களைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரில் பத்துப் பேர் புரொஃபைலில் ஒன்பது பேர் எதையாவது நாற்பது சதவீதம் குறைத்திருப்பார்கள்.

"எந்த மெஷின்? எதுலேர்ந்து எது வரைக்கும்?"

"ரெண்டாம் லைன், மூடி போடுற மெஷின். மாசம் இருபத்திரண்டு தடவை நிக்கும். பேரிங் மாத்துற நாளை முன்கூட்டியே குறிச்சு வெச்சு மாத்த ஆரம்பிச்சோம். ஒம்பது மாசத்துல பதிமூணுக்கு வந்துச்சு. நிறுத்தப் பதிவேட்டை நானே எழுதினேன்."

அவள் கால்குலேட்டரில் தட்டினாள். நாற்பது புள்ளி ஒன்பது. "இது நிக்கும்," என்றாள். அத்தான் அப்போதுதான் எதிரே ஆறிக்கொண்டிருந்த டீயை எடுத்துக் குடித்தார்.

அப்புறம் தேதிகள். புரொஃபைலில் முதல் கம்பெனி 2009–2017, இரண்டாவது 2017–2024 என்று வெறும் வருடங்கள். பார்க்க வழவழவென்று இருந்தது. வழவழப்பைக் கண்டால் அவளுக்குச் சந்தேகம் வரும். வருடத்தை மட்டும் போடுகிறவர்களிடம் மாதம் கேட்பதே அவளுடைய பதினோரு வருட வேலை. கம்பெனி அனுப்பிய விண்ணப்பப் படிவத்தின் நகலைப் புரட்டினாள். அதிலும் பதவி மேலாளர் என்றே இருந்தது. மாதமும் கேட்டிருந்தார்கள். ஜூன் 2009 முதல் ஏப்ரல் 2017 வரை. அடுத்து மே 2017. ஒரு நாள் இடைவெளி இல்லை.

"முதல் கம்பெனி ரிலீவிங் லெட்டரைக் காட்டுங்க."

"அது... தொலைஞ்சு போச்சும்மா."

கடிதம் தொலைந்துவிட்டது என்று சொல்பவர்களின் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். அத்தான் குரலும் அப்படியே இருந்தது. இந்த மனிதர் பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை.

"அத்தான், நீங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படிவம் இது. 'மேலே சொன்னது தவறானால் வேலையிலிருந்து நீக்கலாம்'னு அடியில இருக்கு பாருங்க. சேர்ந்து மூணு மாசம் கழிச்சுத் தெரிஞ்சாலும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அப்படி எத்தனை பேரை அனுப்பினாங்கன்னு எனக்குத் தெரியும். அதுக்கு ரிப்போர்ட் எழுதினவளே நான்தான்."

அத்தான் ஜன்னலைப் பார்த்தார். அக்கா புருஷனைப் பார்த்தாள். பிறகு ரெக்சின் பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஏய், என்னடி பண்ற?" என்றார் அத்தான்.

"நாளைக்கு அவன் கேக்கிறதுக்கு முன்னாடி இன்னைக்கு இவ கேக்கட்டும்."

முப்பது செப்டம்பர் 2016. சொந்தக் காரணங்களுக்காக விலகினார். நன்னடத்தை.

ஆதாரக்காவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "ஏழு மாசம்! ஏழு மாசத்தை முழுங்கிட்டு நாளைக்கு எதிர்ல போய் உட்காரப் போறீங்களா? என்ன நடந்துச்சு? சண்டை போட்டீங்களா? துரத்தினாங்களா? நல்ல வேலையை விட்டுட்டு வீட்டுல காலாட்டிக்கிட்டு இருந்தீங்களா?"

"தேதியை நல்லாப் பாருடி," என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பார்த்தாள். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. மற்றவர்களின் தேதிகளை நினைவில் வைக்கிறவளுக்குத் தன் தேதிகள் மறக்குமா? அக்டோபர் ஆறாம் தேதி ஆபரேஷன். நவம்பரிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து. நடுவில் ரத்தப் பரிசோதனைகள், காய்ச்சல் வந்து படுத்த நாட்கள். ஒவ்வொரு தடவையும் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றவர் அத்தான். அக்காவுக்குக் கைக்குழந்தை மாதிரி படுத்திருந்த மாமியார், பள்ளிக்கூடம் போகும் மகள், அவளால் வர முடியவில்லை. "எப்படி அத்தான் ஒவ்வொரு தடவையும் வர முடியுது?" என்று ஒரு நாள் கேட்டாள். "நைட் ஷிப்ட் வாங்கிட்டேம்மா," என்றார். அவள் நம்பினாள். ஊர் உலகத்தின் தேதிகளையெல்லாம் சரிபார்த்தவள், அதை மட்டும் சரிபார்க்கவில்லை.

"லீவு கேட்டேன்," என்றார் அத்தான், மேசையிடம் சொல்வதுபோல. "பத்து நாளுக்கு மேல தர மாட்டேன்னுட்டாங்க. விடும்மா. பழைய கதை."

அவளுக்குக் கண்ணீர் வந்தது. நன்றியைவிட அவமானம்தான் அப்போது அதிகமாக இருந்தது. ஒரு நிமிடத்துக்கு முன்னால் காலாட்டிக்கொண்டு இருந்தீர்களா என்று கேட்ட வாய் இது. மூக்கைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினாள்.

"முதல்ல இதைத் திருத்தணும். அவங்க கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நாம சொல்லணும்."

"சொன்னா வர வேணாம்னுடுவாங்கம்மா."

"வேணாம்னும் சொல்லலாம். ஆனா சொல்லாம உள்ளே போனா, தினமும் மடியில நெருப்பைக் கட்டிக்கிட்டு வேலை பார்க்கணும்."

மெயில் நான்கே வரி. விண்ணப்பத்தில் முதல் நிறுவனத்தின் கடைசி மாதமும், பதவியின் பெயரும் தவறாக உள்ளன. திருத்திய படிவத்தை இணைத்துள்ளேன். இடையில் ஏழு மாதம் வேலையில் இல்லை. அசல் கடிதங்களை நாளை கொண்டுவருகிறேன். அவள் படித்துக் காட்டினாள். அனுப்பு பொத்தானை அத்தானே அழுத்த வேண்டும் என்றாள். அவர் விரல் மவுஸின் மேல் வெகுநேரம் நின்றது. பிறகு அழுத்தினார்.

பதில் வரவில்லை. மூன்றரை ஆனது. நான்கு ஆனது. அக்கா பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள்.

"சும்மா இருக்க வேணாம்," என்று ஆதாரக்கா நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். குரலை மாற்றிக்கொண்டாள். "சொல்லுங்க சார். 2016 அக்டோபர்லேர்ந்து 2017 ஏப்ரல் வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"வேணாம்மா."

"நாளைக்கு அவர்கிட்ட 'வேணாம்மா'ன்னா சொல்லுவீங்க? கேள்வி இதேதான். பதில் நாலு வரிக்கு மேல போகக் கூடாது, கெஞ்சக் கூடாது, கதை கட்டக் கூடாது. சொல்லுங்க."

அத்தான் அவளைப் பார்த்தார். எட்டு வருடமாகச் சொல்லாததை, யாருக்காகச் செய்தாரோ அவள் முகத்தைப் பார்த்தே சொல்ல வேண்டியிருந்தது.

"குடும்பத்துல... ஒருத்தருக்கு..."

"மறுபடியும்."

"குடும்பத்துல ஒருத்தருக்குப் பெரிய சிகிச்சை நடந்துச்சு. கூட இருக்க வேற ஆள் இல்ல. வேலையை விட்டுட்டு ஏழு மாசம் கூட இருந்தேன். முடிஞ்சதும் அடுத்த வேலைக்குச் சேர்ந்தேன்."

"மறுபடியும்," என்றாள் அவள். அவளுக்குப் போதவில்லை என்று அத்தான் நினைத்தார். உண்மையில் இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பதில் வந்தது. 'திருத்தம் கிடைத்தது. அசல் கடிதங்களுடன் வரவும். நேரத்தில் மாற்றமில்லை.' அக்கா பையை மேசையில் வைத்துவிட்டு, அதன் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

மறுநாள் அத்தான் வெளியே வந்து போனில் சொன்னது "கேட்டாங்க, சொன்னேன்" என்ற இரண்டே வார்த்தை. பிறகு பதினான்கு நாள் முடிவு தெரியவில்லை. நடுவில் ஒரு சரிபார்ப்பு நிறுவனத்திலிருந்து கடித நகல்கள் கேட்டு மெயில் வந்தது. எதிர்முனையில் தன்னைப்போல் ஒருத்தி உட்கார்ந்து டிக் அடிப்பாள் என்று ஆதாரக்கா நினைத்துக்கொண்டாள். அவள் பேனா எந்த இடத்தில் நிற்கும் என்றும் யோசித்தாள். எங்கும் நிற்காது.

பதினைந்தாம் நாள் அத்தான் நியமனக் கடிதத்தோடு அறைக்கு வந்தார். சீனியர் டெக்னீஷியன். மேலாளர் இல்லை. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சேர வேண்டும்.

"தேதியெல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடும்மா."

அவள் வரிவரியாகப் படித்து முடித்தாள். கோடு போட ஒன்றும் இல்லை.

"அன்னைக்கு அந்தக் கேள்வியோட விட்டுட்டாங்களா அத்தான்?"

"இல்ல. அந்த மனுஷன் லெட்டரைத் திருப்பிக் கொடுத்தாரு. அப்புறம் கேட்டாரு, 'அவங்க இப்ப எப்படி இருக்காங்க?'ன்னு."

"அதை நாம பழகலையே. என்ன சொன்னீங்க?"

"நல்லா இருக்காங்க சார், உங்களுக்கு அனுப்பின திருத்தத்தை டைப் பண்ணினதே அவங்கதான்னேன்."