நாலு கால் ஒரு படி ஆகாத கதை

காலாண்டுப் பரீட்சையில் என் மகள் கணக்கில் ஒன்பது மார்க் வாங்கி வந்தாள். எட்டில் ஒன்று பெரிதா, நாலில் ஒன்று பெரிதா என்ற கேள்விக்கு, எட்டுதான் பெரியது என்று கூசாமல் எழுதியிருந்தாள். பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. அரையாண்டிலும் இப்படி வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாத்தியாராக இருக்கும் தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவதாக என் வீட்டுக்காரர் சொன்னார். மில் ஷிப்டுக்குப் போகிற அவசரத்தில் சைக்கிளில் ஏறிக்கொண்டே சொன்னார். பிள்ளை இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதோடு, அவர் அக்காவான மதினியிடம் தோற்கிற உத்தேசமும் எனக்கு இல்லை.

நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் இராஜபாளையத்துச் சமையல்கட்டில் பின்னம் இல்லாமல் ஒரு வேளை சோறு வேகாது. படியையும் உழக்கையும் ஆழாக்கையும் அவள் முன்னால் வரிசையாக வைத்தேன். உழக்கு கால் படி, ஆழாக்கு அதில் பாதி, அதாவது எட்டில் ஒன்று. ஒரு படி அரிசியை நாலு பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு எம்புட்டு, எட்டுப் பேருக்கு வைத்தால் எம்புட்டு என்று கேட்டேன். இரண்டு அளவையும் கையில் எடுத்துப் பார்த்தவள், எட்டுப் பேர் வந்தால் பட்டினிதான் என்றாள். அன்றைக்கே பாதிக் கிணறு தாண்டிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது அவளாகவே அளந்து பார்த்து நோட்டில் எழுதினாள்: ஒரு படிக்கு மூணு உழக்கும் கொஞ்சமும். நாலு என்று அதட்டினேன். நீயே அளந்து பாரு என்றாள். அளந்தேன். நாலாவது உழக்கில் பாதிக்கு மேல் தரையில் கிடந்தது. உழக்கை வாங்கிய கடைக்காரனைத் திட்டிவிட்டு அரிசியைப் பொறுக்கினேன். வேறு என்ன செய்ய?

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து மதினி பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் பால்கோவா பொட்டலம், வாயில் கேள்வி. எத்தனை கால் சேர்ந்தால் ஒன்று என்று கேட்டார். என் மகள் கொஞ்சமும் தயங்காமல், மூணும் கொஞ்சமும் என்றாள். மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையிலேயே பிள்ளையின் துணிமணிகளை மூட்டை கட்டியாகிவிட்டது.

"கொண்டா, நான் காட்டுதேன்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். உழக்கை அரிசிக்குள் விட்டு அள்ளினார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதைக் கொட்டும்போது படி நிரம்பிக் குவிந்து, மீதி அரிசி அவர் மடியிலேயே சரிந்தது. வகுப்பறையில் இருபது வருஷம் பிரம்பு பிடித்த கை அப்படியே அந்தரத்தில் நின்றது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதினேன். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

என் மகள் எழுந்து போய்க் குடத்துத் தண்ணீரை எடுத்து வந்தாள். படியைக் காலி செய்துவிட்டு, உழக்கால் தண்ணீரை மொண்டு ஊற்றினாள். நாலாவது உழக்கில் படி விளிம்பு வரை நிறைந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

"தண்ணிக்குக் கோபுரம் நிக்காதுல்ல அத்தை. அரிசிக்கு நீங்களும் அம்மாவும் கோபுரம் கட்டுதிய" என்றாள்.

எங்கள் வீட்டு வழக்கம் அது. உலைக்கு அரிசி அளந்தால் குவியலை வழித்துத் தலை தட்டக் கூடாது. தட்டினால் லட்சுமி போய்விடுவாள் என்று என் மாமியார் சொல்லிச் சொல்லி, அவர் மகளான மதினி கையும் மருமகளான என் கையும் ஒரே மாதிரி பழகிப்போயிருந்தன. வாய் அகன்ற குட்டை உழக்கு வேறு. குவியலே கால் உழக்குக்குப் பக்கமாக வந்துவிடும்.

படியைத் துடைத்துவிட்டு, பிள்ளை உழக்கில் அரிசியை அள்ளி உள்ளங்கையால் வழித்துத் தலை தட்டினாள். "ஏட்டி!" என்று மதினியும் நானும் ஒரே நேரத்தில் பதறினோம். அவள் காதில் வாங்கவில்லை. தட்டித் தட்டி நாலு உழக்கு போட்டாள். படி சரியாக நிறைந்தது. மதினி விடாமல், அப்போ ஆழாக்கில் எத்தனை வேணும் என்று கேட்டார். எட்டு என்று பதில் வந்தது. உழக்கை விட ஆழாக்கு ஏன் சின்னது? "பங்கு கூடக் கூட ஆளுக்குக் கொறையும் அத்தை."

ஷிப்ட் முடிந்து வந்த தன் தம்பியிடம் மதினி சுருக்கமாகச் சொன்னார்: "பிள்ளை இங்கனயே இருக்கட்டும்."

சாயங்காலம் மதினியை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மதினி தோற்று நான் பார்த்ததே இல்லை. உங்க அத்தை எப்படிச் சிந்தினாங்க பாத்தியா என்று வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். என் மகள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, நாலு வீடு தள்ளிப் போனதும் மெதுவாகச் சொன்னாள்.

"அவங்க ஒரு தடவைதான் சிந்துனாங்க. நீ தெனமும் அப்படித்தானேம்மா அளக்குத."